பூட்டுத் திரையில் செய்தி தெரியக் கூடாது, ஒலி மட்டும் கேட்க வேண்டும்: அறையைப் பகிர்ந்து வாழ்வோருக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய மகளிர் விடுதி ஒன்றில், நான்கு பேர் தங்கும் அறையில் நான் இருக்கிறேன். அறையில் சார்ஜ் போடுவதற்கு வசதியாக இருப்பது சன்னல் ஓரத்து மேசையில் கிடக்கும் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். இரவு எட்டு மணிக்கு மேல் நான்கு கைபேசிகளும் அதன் மேல் வரிசையாக, திரை மேலே பார்த்தபடி கிடக்கும். ஒன்றில் செய்தி வந்தால் திரை ஒளிரும். ஒளிர்ந்தால், மேசைக்கு அருகில் யார் இருக்கிறாரோ அவர் கண் அங்கே போகும். அதில் வேவு பார்க்கும் எண்ணம் எதுவும் இல்லை. இருட்டில் வெளிச்சம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் படித்தது படித்ததுதான்.

என் அறைத்தோழி ஒருவர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். அறையில் இருக்கும் மற்ற இருவரும் அவருடைய அலுவலகத்திலேயே பணிபுரிகிறவர்கள். ஒரு மாலை, வேலைவாய்ப்பு ஆலோசகரிடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி, வியாழக்கிழமை காலை நேர்காணல் என்ற முதல் வரியோடு, மேசையில் எல்லோரும் பார்க்க ஒளிர்ந்தது. அன்றிலிருந்து அவர் கைபேசியை ஒலியில்லாமல் வைத்துத் தலையணைக்கு அடியில் செருகத் தொடங்கினார். விளைவு, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய செய்திகளையும் ஆலோசகரின் அடுத்த செய்தியையும் பல மணி நேரம் கழித்தே பார்த்தார். அவருக்காக உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். அவருடையது ஆண்ட்ராய்டு, என்னுடையது ஐபோன் என்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒலிப்பது ஓர் அமைப்பு. திரையில் காட்டுவது வேறோர் அமைப்பு. செய்தியை மறைக்க நினைப்பவர்கள் பலர் முதலில் கை வைப்பது ஒலிப்பதில்தான். ஆண்ட்ராய்டில் ஓர் அறிவிப்பை அழுத்திப் பிடித்தால் "Default", "Silent" என்று இரண்டு தெரிவுகள் வரும். "Silent" என்பதைத் தொட்டால் ஒலி நின்றுவிடும், ஆனால் அந்த அறிவிப்பு பூட்டுத் திரையில் தொடர்ந்து தோன்றக்கூடும். அதாவது நமக்கு வேண்டியதற்கு நேர் எதிரானது நடக்கும். "Do Not Disturb", ஐபோனின் "Focus" ஆகியவையும் ஒலியை அடக்குவதற்காக உள்ளவையே. ஆகவே இவை மூன்றையும் இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுகிறேன்.

எஞ்சும் வழிகள் நான்கு. எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து உள்ளடக்கத்தை மறைப்பது. குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும் மறைப்பது. செயலிக்கு உள்ளேயே இருக்கும் மறைப்பு வசதியைப் பயன்படுத்துவது. அறிவிப்பைப் பூட்டுத் திரையிலிருந்தே அகற்றிவிட்டு ஒலியை மட்டும் விட்டுவைப்பது. முதலாவதை அடித்தளமாக வைத்து, மிகவும் கவலைக்குரிய ஒன்றிரண்டு உரையாடல்களுக்கு மட்டும் மூன்றாவதை மேலே சேர்ப்பதே பகிர்ந்த அறைக்குப் பொருத்தமானது என்பது என் முடிவு.

எல்லாவற்றுக்கும் சேர்த்து மறைப்பது

ஆண்ட்ராய்டு அமைப்புகளில் "Notifications" பகுதிக்குள் சென்றால் பூட்டுத் திரை அறிவிப்புகளுக்கான பக்கம் இருக்கும். கூகுளின் பிக்சல் கைபேசிகளில் "Sensitive notifications" என்ற பொத்தானை அணைக்க வேண்டும். சாம்சங்கில் "Lock screen notifications" என்பதற்குள் "Hide content" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் கைபேசிகளில் சொற்கள் சற்று மாறும். அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் lock screen என்று தட்டச்சு செய்தால் எதிலும் சரியான பக்கத்திற்குப் போய்விடலாம். ஐபோனில் "Settings", "Notifications", "Show Previews" என்று சென்றால் "Always", "When Unlocked", "Never" என்ற மூன்று தெரிவுகள் இருக்கும். நமக்கு வேண்டியது "When Unlocked". ஒலி, அதிர்வு இரண்டையும் இந்த மாற்றம் தொடுவதே இல்லை.

ஆண்ட்ராய்டில் இந்தத் தெரிவே கண்ணில் படவில்லை என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கைபேசி வெறும் விரல் இழுப்பில் திறப்பதாக இருக்கும். பின் எண்ணோ, கோட்டு வடிவமோ, கடவுச்சொல்லோ இல்லாத கைபேசியில் யார் இழுத்தாலும் எல்லாம் தெரியும் என்பதால், மறைப்பதற்கான கேள்வியையே அது எழுப்பாது. பூட்டை முதலில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் தெரிவு இருக்கும்.

இரண்டு கைபேசிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒரு முக்கியமான வேறுபாடு புலப்பட்டது. தோழியின் ஆண்ட்ராய்டில் செயலியின் பெயரும், உள்ளடக்கம் மறைக்கப்பட்டிருக்கிறது என்னும் பொருள்பட்ட ஒரு வரியும் மட்டுமே தெரிந்தன. அனுப்பியவர் யார் என்பது தெரியவில்லை. என் ஐபோனில், குறுஞ்செய்திகளுக்கான "Messages" செயலியில், செய்தி மறைந்ததே தவிர அனுப்பியவரின் பெயர் அப்படியே நின்றது. பிற செயலிகளில் பெயரைக் காட்டுவதா வேண்டாமா என்பதை அந்தந்தச் செயலியை உருவாக்கியவர்களே தீர்மானிக்க ஐபோன் இடமளிக்கிறது. எனவே ஒரு செயலியில் மறைந்த பெயர் இன்னொன்றில் தெரியலாம்.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகிர்ந்த அறையில் பல நேரங்களில் செய்தியைவிடப் பெயரே அதிகம் சொல்லிவிடுகிறது. வழக்கறிஞரின் பெயர், மகப்பேறு மருத்துவமனையின் பெயர், கடன் கொடுத்த நிறுவனத்தின் குறுஞ்செய்தித் தலைப்பு ஆகியவை ஒரே மாலையில் மூன்று முறை ஒளிர்ந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் இதற்கு எளிமையாகச் செய்யக்கூடியது, தொடர்புகளில் அந்த எண்ணை வேறு பெயரில் சேமிப்பது. மருத்துவமனையின் எண்ணை முதலெழுத்துகள் மட்டும் உள்ள பெயராக மாற்றினால் திரையிலும் அதுவே வரும். வங்கிகளும் கடன் நிறுவனங்களும் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளால் ஆன தலைப்போடு அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு இந்த வழி கைகொடுப்பதில்லை.

சில செயலிகளுக்கு மட்டும் மறைப்பது

எல்லாவற்றையும் மறைத்தால் சமையலறையில் ஈரக் கையோடு நிற்கும்போது பேருந்துச் சீட்டின் விவரத்தையோ உணவு கொண்டுவருபவரின் செய்தியையோ பார்க்கத் திரையைத் தொட வேண்டியிருக்கிறதே என்று ஒரு குறை உண்டு. இதற்காகவே செயலிவாரியான அமைப்பு இருக்கிறது. ஐபோனில் "Notifications" பக்கத்தில் அந்தச் செயலியைத் தொட்டால் அதற்கே உரிய "Show Previews" கீழே இருக்கும். ஆண்ட்ராய்டில் செயலியின் அறிவிப்பு வகைகளில் ஒன்றைத் திறந்தால், பல கைபேசிகளில் "Lock screen" என்ற வரி இருக்கும்.

இதில் எதை விதியாக வைப்பது, எதை விலக்காக வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லாம் தெரியட்டும், இந்த மூன்று மட்டும் மறையட்டும் என்று வைத்தால், அடுத்த மாதம் புதிதாக நிறுவும் செயலி தெரியும் பக்கத்தில்தான் போய்ச் சேரும். என் தோழிக்கும் இதுவே நடந்தது. முதல் நாள் வாட்ஸ்அப்பை மட்டும் மறைத்தார். நேர்காணலை உறுதிசெய்யும் கடிதம் மின்னஞ்சல் செயலி வழியாகப் பூட்டுத் திரைக்கு வந்தது. ஆகவே எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, தெரிந்தால் பாதகமில்லாத உணவு, வாடகை வண்டி, வானிலை போன்ற செயலிகளுக்கு மட்டும் விலக்கு அளிப்பதே பாதுகாப்பானது. ஒரு முறை வரும் கடவு எண்கள் குறுஞ்செய்தியாகவே வருவதால், குறுஞ்செய்திச் செயலிக்கு எந்தக் காரணத்திற்காகவும் விலக்கு அளிக்க வேண்டாம்.

செயலிக்கு உள்ளே இருக்கும் மறைப்பு

கைபேசியின் அமைப்பு பெயரை விட்டுவைக்கும் இடத்தில் செயலியின் அமைப்பு உதவும். இதில் மிகத் தெளிவாகப் பிரித்துக் கொடுப்பது சிக்னல். அதன் அறிவிப்பு அமைப்பில் பெயரும் செய்தியும், பெயர் மட்டும், இரண்டும் இல்லை என்று மூன்று படிகள் உண்டு. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் செய்தி வந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஒலி வழக்கம்போல் வரும். டெலிகிராமிலும் தனி உரையாடல், குழு என்று பிரித்து "Message Preview" என்பதை அணைக்கலாம்.

நம்மில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் வாட்ஸ்அப்பின் நிலை சற்று வேறு. ஐபோனில் வாட்ஸ்அப்பின் அறிவிப்பு அமைப்புக்குள் "Show preview" என்ற பொத்தான் உள்ளது; அது செய்தியின் வரிகளை மறைக்கும். இரண்டு கைபேசிகளிலும் இதைவிடப் பயனுள்ளதாக எனக்குத் தோன்றியது 2023இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த உரையாடல் பூட்டு. உரையாடலைத் திறந்து, மேலே பெயரைத் தொட்டு, கீழே சென்றால் "Chat lock" இருக்கும். பூட்டப்பட்ட உரையாடலில் செய்தி வரும்போது பெயரும் வராது, வரியும் வராது. வாட்ஸ்அப்பில் புதிய செய்தி ஒன்று வந்திருக்கிறது என்ற அளவில் நின்றுவிடும். ஒரே ஒருவரைப் பற்றித்தான் கவலை என்றால் வேறெதையும் மாற்றாமல் இது ஒன்றே போதும். ஆனால் பூட்டிய உரையாடல் தனிக் கோப்புறைக்குள் போய்விடுவதால், ஒலி கேட்டுத் திறந்து பார்த்து, பட்டியலில் புதிதாக ஒன்றுமில்லையே என்று மூடிவிடும் வாய்ப்பு உண்டு. பட்டியலை மேலிருந்து கீழே இழுத்தால்தான் அந்தக் கோப்புறை தெரியும் என்பதை முதல் வாரம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்புக்கு இதை நம்ப வேண்டாம். அழைப்பு வந்தால் அழைப்பவரின் பெயர் திரையில் தெரியும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், செயலி முழுவதையும் பூட்டவோ ஒளித்துவைக்கவோ முடியும். முகப்புத் திரையில் செயலியை அழுத்திப் பிடித்தால் "Require Face ID" என்ற தெரிவு வரும். பூட்டிய செயலியின் அறிவிப்பில் உள்ளடக்கம் தெரியாது; ஆனால் ஒளித்துவைத்த செயலியிலிருந்து அறிவிப்பே வராது. ஒலி வேண்டும் என்பவர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒளித்துவைத்துவிடக் கூடாது.

பூட்டுத் திரையிலிருந்தே அகற்றுவது

ஐபோனில் செயலிக்குரிய அறிவிப்புப் பக்கத்தில் "Lock Screen" என்பதன் கீழுள்ள குறியை எடுத்துவிட்டு "Sounds" என்பதை விட்டுவைத்தால் ஒலி வரும், திரையில் ஒன்றும் வராது. ஆண்ட்ராய்டிலும் பூட்டுத் திரையில் எதையும் காட்டாதே என்ற தெரிவு உண்டு. தாளில் பார்க்கும்போது இதுவே மிகவும் மறைவான வழி. மூன்று நாள் பயன்படுத்திப் பார்த்தபின் நான் விட்டுவிட்டேன். ஒலி கேட்கிறது, எதிலிருந்து என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் கைபேசியைத் திறக்க வேண்டும். திறந்தபின் திரை முழுவதும் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு விருந்தாகிவிடுகிறது. மறைப்பதற்காகச் செய்தது, ஒரு நாளில் இருபது முறை திறந்துகாட்டுவதில் முடிந்தது. செயலியின் பெயராவது தெரிந்தால், இது இப்போது பார்க்க வேண்டியதா இல்லையா என்று படுக்கையில் இருந்தபடியே முடிவெடுக்கலாம்.

திரை வேண்டாம், ஒலியை வைத்தே ஆளை அறிந்துகொள்ளலாம் என்று சிலர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒலி வைப்பார்கள். வாட்ஸ்அப்பில் உரையாடல்வாரியாக ஒலியை மாற்ற முடியும். என் தோழியும் ஆலோசகருக்கு மட்டும் ஒரு சிறு மணியோசை வைத்தார். நான்காம் நாள் அடுத்த கட்டிலில் இருந்தவர், "அக்கா, உங்க மணி அடிக்குது பாருங்க" என்றார். ஒரே அறையில் இருப்பவர்கள் ஒலியையும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். தனி ஒலி வைப்பதாக இருந்தால் அதை வீட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறைக்க வேண்டியவருக்குப் பொது ஒலியே நல்லது.

மறைத்தும் தெரிந்துவிடும் இடங்கள்

தோழியின் கைபேசியில் எல்லாவற்றையும் சரியாக அமைத்த பிறகும் அன்றிரவே ஒரு செய்தி முழுவதுமாகத் திரையில் வந்தது. அமைப்பு வேலை செய்யவில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பிழை வேறிடத்தில் இருந்தது. மறைப்பு என்பது கைபேசி பூட்டப்பட்டிருக்கும் நிலைக்கு மட்டுமே உரியது. திரை அணைந்திருப்பதும் கைபேசி பூட்டியிருப்பதும் ஒன்றல்ல. ஆண்ட்ராய்டில் திரை அணைந்த எவ்வளவு நேரத்திற்குப் பின் பூட்ட வேண்டும் என்று தனியாக ஓர் அமைப்பு உண்டு. சில நொடி முதல் 30 நிமிடம் வரை அதில் வைக்கலாம். அவருடையது 10 நிமிடத்தில் இருந்தது. மேசையில் வைத்துவிட்டு நகர்ந்த ஐந்தாம் நிமிடத்தில் வந்த செய்தியைக் கைபேசி, உரிமையாளர் கையில் இருக்கிறது என்று கருதியே காட்டியது. அதை உடனே பூட்டுவதாக மாற்றினோம்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வசதி, வீடு போன்ற நம்பகமான இடத்தில் கைபேசியைப் பூட்டாமலேயே வைத்திருப்பது. ஆண்ட்ராய்டில் முன்பு "Smart Lock" என்றும் இப்போது "Extend Unlock" என்றும் அதற்குப் பெயர். தனியாக வாழ்பவருக்கு அது வசதி. பகிர்ந்து வாழ்பவருக்கு, மறைப்பு மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அது மறைப்பை நீக்கிவிடுகிறது. விடுதியோ வீடோ அந்தப் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஐபோனில் சிக்கல் முகத்தால் வருகிறது. "When Unlocked" என்று வைத்திருக்கும்போது, நம் முகத்தைக் கைபேசி அடையாளம் கண்டவுடன் பூட்டுத் திரையிலேயே செய்திகள் விரிந்துவிடும். தனியாக இருக்கும்போது அது அழகான வசதி. தோழியின் தோளோடு தோள் உரச ஒரே கட்டிலில் அமர்ந்திருக்கும்போது, நான் கைபேசியை ஓரக்கண்ணால் பார்த்தாலே செய்தி விரிகிறது. அதை அவரும் பார்க்கிறார். அப்படிப்பட்ட நேரம் மிகுதி என்றால் "Never" என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது கைபேசியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது மேலே வந்து போகும் பட்டையிலும் வரிகள் தெரியாது. ஒவ்வொன்றையும் செயலிக்குள் போய்த்தான் படிக்க வேண்டும் என்பது அதன் விலை. படத்தைக் காட்டுகிறேன் என்று அடிக்கடி கைபேசியைப் பிறர் கையில் கொடுப்பவர்களுக்கு அந்த விலை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கைக்கடிகாரமும் காதொலிக் கருவியும் அணிபவர்கள் அவற்றையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கைபேசியில் மறைந்த செய்தி கடிகாரத்தில் முழுதாக வரக்கூடும். விடுதியின் பொது மேசையில் மடிக்கணினியில் வாட்ஸ்அப் திறந்து கிடந்தாலும் அதே கதைதான்.

சோதித்துப் பார்க்கும் முறை

அமைத்த பிறகு, நம்பிவிடாமல் இன்னொரு எண்ணிலிருந்து செய்தி அனுப்பிப் பாருங்கள். நாங்கள் செய்தது இது. முதலில் கைபேசியை மேசையில் வைத்து, திரை தானாக அணைந்த கையோடு ஒன்று அனுப்பினோம். பூட்டும் நேரத்தில் தாமதம் இருந்தால் இதிலேயே அகப்பட்டுவிடும். பிறகு அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. நம்பகமான இடம் என்ற வசதி குறுக்கிட்டால் இதில் தெரியும். மூன்றாவதாகக் குறுஞ்செய்தி ஒன்று, மின்னஞ்சல் ஒன்று, குழுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகளுக்கு விடை பார்த்தோம்: ஒலி கேட்டதா, வரிகள் மறைந்தனவா, பெயர் மறைந்ததா. ஒலி கேட்கவில்லை என்றால் எங்கோ "Silent" தொட்டிருக்கிறோம் என்று பொருள். அந்தச் செயலியின் அறிவிப்பு வகையைத் திறந்து "Default" என்று திருப்பிவிட்டால் ஒலி வந்துவிடும். கைபேசியின் மெயின் ஒலியளவு சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால், அறிவிப்பு ஒலிக்கென்று தனியாக உள்ள ஒலியளவைப் பார்க்க வேண்டும்.

முடிவில் தோழியின் கைபேசி இப்படி நின்றது: எல்லாச் செயலிகளுக்கும் உள்ளடக்கம் மறைப்பு, திரை அணைந்தவுடன் பூட்டு, ஆலோசகரின் உரையாடலுக்கு மட்டும் உரையாடல் பூட்டு, அம்மாவுக்கு மட்டும் தனி ஒலி, உணவுச் செயலிக்கு மட்டும் விலக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ இருபது நிமிடம் ஆனது. அடுத்த வாரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மேல் கைபேசி மறுபடியும் திரை மேலே பார்த்தபடி கிடந்தது. பொது ஒலி கேட்டது, திரை ஒளிர்ந்தது, மேசையருகே அமர்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வாட்ஸ்அப்ல ஏதோ வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். தோழி கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் படித்தார்.